‘வழங்கப்படும்’னா எப்பப்பா?

மதுரைப் பக்கத்தில் ஓர் ஊராட்சி. அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஜமக்காளம், முன்னால் ஒரு மேசை, மேசையில் தீர்மானப் புத்தகம். ஊராட்சிச் செயலர் எழுந்து வாசிக்கிறார்: “விடுபட்ட குடியிருப்புகளுக்குக் குடிநீர்க் குழாய் இணைப்பு வழங்குவதற்கான பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன. விரைவில் இணைப்புகள் வழங்கப்படும்.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கையைத் தூக்குகிறார். “அதெல்லாம் சரி தம்பி. எங்க தெருவுக்குத் தண்ணி எப்பப்பா வரும்?”

செயலர் இப்போது ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். வாசித்த தமிழிலேயே பதில் சொன்னால், “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்று வரும். கூட்டம் சிரிக்கும், இல்லையென்றால் கோபப்படும். வீட்டில் பேசுகிற தமிழுக்கு அப்படியே இறங்கினால், “வரும் ஆத்தா, ஏன் அவசரப்படுற?” என்று நழுவிவிடும். அத்தனை பேர் முன்னால் பாட்டியை ஒருமையில் விரட்டியதாக ஆகிவிடும். இந்த இரண்டு பள்ளங்களிலும் விழாமல் ஒரு பாதை இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்கள் தினமும் அதில் நடக்கிறார்கள். எப்படி நடக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எல்லா மொழியிலும் வீட்டுப் பேச்சு, வெளிப் பேச்சு என்று வேறுபாடு உண்டு. தமிழில் அந்த இடைவெளி கொஞ்சம் அதிகம். அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த நிலைக்கு விளக்கம் கொடுத்தார். தமிழில் அதை இரட்டை வழக்கு என்கிறோம். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைட்டியின் மொழி ஆகிய நான்கையும் அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். ஒரே சமூகத்தில் ஒரே மொழிக்கு இரண்டு வடிவங்கள் இருக்கும். உயர்ந்ததாகக் கருதப்படும் வடிவத்தைப் பள்ளியில் படித்துத்தான் கற்றுக்கொள்வார்கள். அதை வீட்டில் சாதாரணப் பேச்சுக்கு யாரும் பயன்படுத்த மாட்டார்கள். தமிழுக்கு இந்த விளக்கம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். எவ்வளவு பெரிய தமிழ்ப் பேராசிரியராக இருந்தாலும் வீட்டில் “எனக்குப் பசிக்கிறது, உணவு பரிமாறுகிறாயா?” என்று கேட்பதில்லை.

இது புதிதாக முளைத்த பிளவும் இல்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழுக்கு ஒரே இலக்கணம் போதாது என்று கண்டு, செந்தமிழுக்கு ஒன்றும், அன்று கொடுந்தமிழ் எனப்பட்ட பொதுமக்கள் தமிழுக்கு ஒன்றுமாக எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சேறியது. மக்களிடம் பேச வந்தவருக்கு ஏட்டுத் தமிழ் மட்டும் கைகொடுக்கவில்லை என்பதற்கு அந்த இரண்டாவது நூலே சாட்சி.

இனி செயலரின் சிக்கலுக்கு வருவோம். அவர் குழம்புவதற்குக் காரணம், இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக நினைப்பது. எழுத்துத் தமிழில் பேசினால் மரியாதை, பேச்சுத் தமிழுக்கு இறங்கினால் மரியாதைக் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். நான்கு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

“நீ வருகிறாயா?” “நீங்கள் வருகிறீர்களா?” இவை இரண்டும் எழுத்துத் தமிழ். “நீ வர்றியா?” “நீங்க வர்றீங்களா?” இவை இரண்டும் பேச்சுத் தமிழ். முதல் வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் மரியாதை இல்லை. கடைசி வாக்கியம் முழுக்க முழுக்கப் பேச்சு வழக்கு, ஆனால் மாமனாரிடமும் கேட்கலாம், மாவட்ட ஆட்சியரிடமும் கேட்கலாம். ஆக, மரியாதை ஒரு திருகு, நடை இன்னொரு திருகு. மின்விசிறிக்கும் விளக்குக்கும் தனித்தனி சுவிட்ச் இருப்பது போல. ஒன்றைத் தொடும்போது மற்றதும் சேர்ந்து திரும்பிவிட்டால்தான் கோளாறு.

தமிழில் மரியாதைத் திருகு மிகச் சிறியது. ‘ங்க’ என்ற ஓர் ஒட்டு போதும். சரி, சரிங்க. ஆமா, ஆமாங்க. சொல்லு, சொல்லுங்க. எவ்வளவு வேகமான, எவ்வளவு உள்ளூர்த்தனமான பேச்சாக இருந்தாலும் இந்த ஒட்டு இருக்கும்வரை மரியாதை கெடாது. யாழ்ப்பாணத்தில் இந்தத் திருகில் மூன்று நிலைகள் உண்டு. ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவில் ‘நீர்’ இருக்கிறது. ‘வாரும், இரும்’ என்று அதற்கேற்ற வினையும் வரும். தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த நடுப்படி பெரும்பாலும் இல்லாததால் தவறினால் நேராகக் கீழே விழ வேண்டியதுதான்.

நடைத் திருகு எங்கே இருக்கிறது? பெரும்பாலானோர் அது சொற்களில் இருப்பதாக நினைக்கிறார்கள். ‘தண்ணி’ என்பதற்குப் பதில் ‘குடிநீர்’, ‘வேலை’ என்பதற்குப் பதில் ‘பணி’ என்று மாற்றினால் மேடைத் தமிழ் வந்துவிடும் என்று நம்பிக்கை. ஆனால் தமிழ்க் காது முதலில் கேட்பது வாக்கியத்தின் வாலைத்தான். வினைமுற்று எந்த நடையில் முடிகிறதோ அந்த நடையில் பேசுவதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. “குடிநீர் இணைப்புக்குத் தீர்மானம் போட்டாச்சுங்க” என்று சொல்லிப் பாருங்கள். குடிநீர், இணைப்பு, தீர்மானம் மூன்றும் ஏட்டுச் சொற்கள். ஆனாலும் வாக்கியம் இயல்பான பேச்சாக நிற்கிறது, உறுத்தவில்லை. இப்போது தலைகீழாக்குங்கள்: “தண்ணி வழங்கப்படும்.” உடனே நெளிகிறது. “அவர்கள் சொன்னாங்க”, “நாங்க செல்கிறோம்” என்பவையும் அப்படியே. எழுவாய் ஒரு நடையிலும் வினை இன்னொரு நடையிலும் இருந்தால் வேட்டிக்கு மேலே கோட்டு மாட்டி, காலில் ரப்பர் செருப்பு போட்டது மாதிரி ஆகிவிடும்.

ஆக, போக்குவரத்து ஒருவழிப் பாதை. ஏட்டுப் பெயர்ச்சொற்கள் பேச்சு வாக்கியத்துக்குள் தாராளமாக வரலாம். பேச்சுச் சொற்கள் ஏட்டு வாக்கியத்துக்குள் நுழைந்தால் துருத்திக்கொண்டு நிற்கும். இறங்கி வருகிறவர் கையிலிருக்கும் ‘தீர்மானம்’, ‘மதிப்பீடு’, ‘இணைப்பு’ எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. வாக்கியத்தின் வாலை மட்டும் மாற்றினால் போதும்.

வாலை எங்கே மாற்றுவது என்பதில்தான் ‘சறுக்காமல் இறங்குவது’ அடங்கியிருக்கிறது. வாக்கியத்தின் நடுவில் மாற்றினால் தடுக்கும். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மாற்றினால் யாரும் கவனிப்பதுகூட இல்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் “...தெரிவித்துள்ளார்” என்று வாசித்து முடிக்கிறார். ஒரு சின்ன நிறுத்தம். பிறகு விருந்தினரைப் பார்த்துத் திரும்பி, “சார், இத நீங்க எப்படிப் பாக்குறீங்க?” என்கிறார். தாளிலிருந்து கண் எழுந்ததும், முகம் திரும்பியதும்தான் அறிவிப்பு. நடை மாறப்போகிறது என்று பார்ப்பவர் ஏற்கெனவே தயாராகிவிடுகிறார்.

நல்ல மேடைப் பேச்சாளர்களிடம் இன்னொரு உத்தி இருக்கிறது. அவர்கள் “தலைவர் அவர்களே, பெரியோர்களே” என்று உயரத்தில் தொடங்குவார்கள். கருத்தைச் சொல்லும்வரை அங்கேயே இருப்பார்கள். பிறகு, “ஒரு ஊர்ல ஒருத்தர் இருந்தார்” என்று கதைக்குள் போவார்கள். கதை முடிந்ததும் மறுபடி மேலே ஏறுவார்கள். கதை ஏன் இவ்வளவு நல்ல படிக்கட்டாக இருக்கிறது என்பதற்கு இலக்கணத்திலேயே காரணம் இருக்கிறது.

நிகழ்காலத்தில் இரண்டு நடைகளும் வெகுதூரம் விலகி நிற்கின்றன: வருகிறேன், வர்றேன், போகிறார்கள், போறாங்க, இருக்கிறது, இருக்கு. இறந்த காலத்தில் பல வினைகள் இரண்டு நடைக்கும் பொதுவானவை. வந்தேன், சொன்னேன், கேட்டோம், போனார், நின்றார் என்பதில் ‘நின்றார்’ மட்டும்தான் பேச்சில் ‘நின்னார்’ ஆகும். மற்றவை மேடையிலும் திண்ணையிலும் ஏறக்குறைய ஒரே உருவம். கதை இறந்த காலத்தில் நடப்பது. “வந்தார், கேட்டார், சொன்னார்” என்று நாலு வாக்கியம் போவதற்குள் பேச்சாளர் எந்த நடையில் இருக்கிறார் என்பதே தெரியாமல் போய்விடும். அந்த மூடுபனியில் அவர் இறங்கிவிடுவார். கதையில் வரும் மனிதர்கள் வாய்திறந்ததும் “‘என்னய்யா, எங்க போற?’ன்னு கேட்டார்” என்று பேச்சுத் தமிழ் முழுசாக உள்ளே வந்துவிடும். ‘என்று’ என்பது ‘ன்னு’ ஆகும் அந்த இடம்தான் கடைசிப் படி.

எல்லா வினைக்கும் இந்தச் சலுகை கிடையாது. படித்தேன் ‘படிச்சேன்’ ஆகும், வைத்தேன் ‘வச்சேன்’ ஆகும், நடந்தது ‘நடந்துச்சு’ ஆகும். அதனால் எந்த வினைகள் பொதுவானவை என்று காது பழகியிருந்தால் பாலம் கட்டுவது சுலபம்.

இறங்குவது இப்படி. ஏறுவதில் வேறு வகை ஆபத்து. வீட்டுப் பேச்சிலிருந்து மேடைக்கு ஏறும்போது பேசுகிறவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். காத்து என்றால் காற்று, நாத்து என்றால் நாற்று, வயித்துல என்றால் வயிற்றில். அதாவது, பேச்சில் வரும் ‘த்த’வைத் திருப்பினால் ‘ற்ற’ கிடைக்கும். கணக்கு சரிதான். ஆனால் அதே சூத்திரத்தைச் ‘செவுத்துல’ என்ற சொல்லில் போட்டால் ‘சுவற்றில்’ என்று வரும். அங்கேதான் கால் இடறுகிறது. மூலச்சொல் ‘சுவர்’, அதில் வல்லின றகரமே இல்லை. ‘சுவரில்’ என்பதுதான் சரி. “சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்” என்று ஊரெங்கும் எழுதியிருப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் ஒளிந்திருக்கிறது. அது அலட்சியத்தால் வந்த பிழை அல்ல. அக்கறை கொஞ்சம் அளவுக்கு மீறியதால் வந்தது.

‘கோர்த்து’ என்பதும் இதே குடும்பம். பார்த்து பேச்சில் ‘பாத்து’ ஆகும், சேர்த்து ‘சேத்து’ ஆகும். அப்படியானால் ‘கோத்து’ என்பது ‘கோர்த்து’ என்ற சொல்லின் கொச்சையாக இருக்க வேண்டும் என்று மனம் முடிவுகட்டுகிறது. உண்மையில் பூவைக் கோத்தார்கள் என்பதே ஏட்டு வடிவம். பேச்சில் இருந்ததே சரியாக இருந்தது, திருத்தப்போய்க் கெடுத்தோம்.

ஏறும்போது வரும் மூன்றாவது வழுக்கல் ஒருமை, பன்மையில். “மாடுக வந்துச்சு” என்பது பேச்சில் முழுக்கச் சரி. அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று பேச்சுத் தமிழில் கிடையாது. ஏட்டுத் தமிழில் உண்டு: மாடுகள் வந்தன. பேச்சுப் பழக்கத்தோடு மேலேறுகிறவர் “மாடுகள் வந்தது” என்கிறார். வால் பாதி ஏறி, பாதி கீழேயே நின்றுவிடுகிறது. மேடையில் பேசப் பயந்தவர்களுக்கு அனுபவசாலிகள் சிறு வாக்கியமாகப் பேசச் சொல்வது இதனால்தான். நீள வாக்கியத்தில் எழுவாய் எங்கோ இருக்கும். வினைக்கு வந்து சேர்வதற்குள் அது ஒருமையா பன்மையா என்பதே மறந்துபோகும்.

இரண்டே மாடிதான் என்றும் எண்ண வேண்டாம். ‘போகிறார்கள்’ மேல்மாடி என்றால் மதுரைப் பக்கத்து ‘போறாய்ங்க’ தரைத்தளம். இரண்டுக்கும் நடுவில் ‘போறாங்க’ இருக்கிறது. எந்த ஊர், எந்தச் சாதி என்று காட்டிக்கொடுக்காத, படித்தவர்கள் வெளியூராரிடம் பேசுகிற பொதுப்பேச்சு அது. இன்று நேர்காணல்கள், கல்லூரி வகுப்புகள் எல்லாம் பெரும்பாலும் இந்த நடுமாடியில்தான் நடக்கின்றன. அலுவலகங்களில் இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. மேலதிகாரியிடம் பேசும்போது ஏட்டுத் தமிழுக்கு ஏறுவதற்குப் பதிலாக ஆங்கிலச் சொல்லோடு ‘பண்ணு’வைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: “சார், ரிப்போர்ட் சப்மிட் பண்ணிட்டேங்க.” சொல் ஆங்கிலம், வால் பேச்சு, கடைசியில் மரியாதைக்கு ‘ங்க’. ஒருவழிப் பாதை விதி இங்கேயும் மீறப்படவில்லை.

எந்த இடத்துக்கு எந்த மாடி என்பது காலத்தோடு மாறும். 1952-ல் வந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் கதாநாயகன் ஏட்டுத் தமிழில் வாதாடினார், கொட்டகை கைதட்டியது. 1977-ல் ‘16 வயதினிலே’ வந்தபோது கிராமத்து மனிதர்கள் கிராமத்துப் பேச்சையே பேசினார்கள், அதற்கும் கைதட்டல். இன்று ஒரு படத்தில் நாயகன் காதலியிடம் “நான் உன்னை நேசிக்கிறேன்” என்று முழுசாகச் சொன்னால் கொட்டகையில் சிரிப்புதான் வரும்.

இவ்வளவும் தெரிந்த செயலர், வேப்பமரத்தடியில் பாட்டிக்கு என்ன பதில் சொல்வார்?

முதலில் தீர்மானப் புத்தகத்தை மூடி வைக்கிறார். அது நிறுத்தம். பாட்டியின் பக்கம் திரும்புகிறார். அது அறிவிப்பு. பிறகு, “போன மாசம் பொறியாளர் வந்தார். ஒங்க தெருவையும் பாத்தார்” என்று தொடங்குகிறார். இறந்த காலம், அதுதான் பாலம். “பாத்துட்டு, ‘இந்தத் தெரு மேடா இருக்கு, இப்ப இருக்குற குழாயில தண்ணி ஏறாது, தனியாப் பெரிய குழாய் போடணும்’னு சொன்னாருங்க. அதுக்கு மதிப்பீடு அனுப்பிச்சிருக்கோம். பணம் இன்னும் வரல. வந்ததும் ஒப்பந்தக்காரர் வேலைய ஆரம்பிப்பார்.” மதிப்பீடு, ஒப்பந்தக்காரர் என்ற ஏட்டுச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. ‘ங்க’வும் இருக்கிறது. வால் மட்டும் மாறியிருக்கிறது.

கவனித்தால், மாறியது ஒலி மட்டுமில்லை. “பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன” என்ற வாக்கியத்தில் வேலை செய்கிறவர் யார் என்பதே இல்லை. செயப்பாட்டு வினை ஏட்டுத் தமிழில், அதிலும் அரசாணைத் தமிழில், சர்வசாதாரணம். பேச்சுத் தமிழோ அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. யார் வந்தார், யார் சொன்னார், யார் அனுப்பினோம், யார் வேலை பார்ப்பார் என்று ஆளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். செயலர் நடையை மாற்றியதுமே, பணம் இன்னும் வரவில்லை என்ற விஷயம் வெளியே வந்துவிட்டது. சில அதிகாரிகள் கேள்விக்குக் கீழே இறங்காமல் ‘வழங்கப்படும்’ என்ற மாடியிலேயே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே யாரும் பெயர் சொல்லிக் கேட்க முடியாது.

பாட்டி விடுவதாக இல்லை. “இருக்குற குழாயிலயும் காத்துதான்ப்பா வருது. கொடத்த வச்சிட்டு ரெண்டு மணிநேரம் ஒக்காந்திருக்கேன்.”

இப்போது செயலர் மேலே ஏற வேண்டும். பாட்டி சொன்னது புத்தகத்தில் பதிவாக வேண்டும். அவர் எழுதுகிறார்: “குடிநீர்க் குழாயில் போதிய அழுத்தம் இல்லை என உறுப்பினர் ஒருவரால் தெரிவிக்கப்பட்டது.” இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. காத்து ‘அழுத்தமின்மை’ ஆகிவிட்டது. குடமும் இரண்டு மணி நேரமும் காணாமல் போயின. பாட்டியும் ‘ஒருவரால்’ ஆகிவிட்டார்.

பக்கத்தில் இருந்த ஆசிரியை எட்டிப் பார்த்து, “அவங்க சொன்னத விட்டுட்டீங்களே சார்” என்கிறார். செயலர் அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்: “கிழக்குத் தெருவில் குடிநீர்க் குழாயில் காற்று மட்டுமே வருவதாகவும், ஒரு குடம் நீருக்கு இரண்டு மணி நேரம் காத்திருப்பதாகவும் அத்தெருவில் வசிக்கும் மூதாட்டி கூறினார்.” இதுவும் ஏட்டுத் தமிழ்தான். காத்து ‘காற்று’ ஆகியிருக்கிறது, ‘வருது’ என்பது ‘வருவதாகவும்’ ஆகியிருக்கிறது. ஆனால் குடம் திரும்ப வந்துவிட்டது.

“என்னப்பா எழுதியிருக்க? வாசி” என்கிறார் பாட்டி. செயலர் வாசிக்கிறார். பாட்டி கொஞ்ச நேரம் யோசிக்கிறார்.

“ம், நான் சொன்னதுதான். ஆனா அந்தக் கெழவி யாரு, மூதாட்டினு? எம்பேர எழுது.”

செயலர் பேனாவை மறுபடி திறக்கிறார்.